சுவருக்குள் நுழையாமலே சுவரைத் தாண்டும் டாஷ்

வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு ‘டாஷ்’ நன்றாகப் பழகிய பட்டன். தட்டிய உடனே நம் ஆள் சட்டென்று முன்னால் பாய்வான். எதிரியின் வீச்சிலிருந்து தப்பவும், பள்ளத்தைத் தாண்டவும் உதவும். சில கேம்களில் இந்த டாஷ் பூட்டிய அறைக்குள்ளும் கொண்டுபோய் விட்டுவிடும். சுவரை ஒட்டி நின்று தட்டினால் போதும், ஆள் அந்தப் பக்கம் நிற்பான். சுவரில் ஓட்டை இருக்காது. தடித்த சுவரில் இது பெரும்பாலும் நடக்காது. ஒருவருடைய மொபைலில் நடப்பது இன்னொருவருடையதில் நடக்காது. பத்து தடவை தட்டினால் ஒரு தடவைதான் பலிக்கும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே.

கேமுக்குள் ஆள் நகர்வது போலத் தெரிந்தாலும், கணினியிடம் இருப்பது அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்ற எண் மட்டும்தான். ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த எண் மாறுகிறது, புதிய இடத்தில் படம் வரையப்படுகிறது. மோதலையும் அப்படியே பார்க்கிறார்கள். ஆளுக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டி, சுவருக்கு ஒரு பெட்டி. இந்த நொடியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்பதுதான் கேள்வி. வருகிற வழியில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆளின் பெட்டி 0.8 மீட்டர் அகலம், அவன் நடுப்புள்ளி 0-ல் இருக்கிறது. சுவர் 1.5-ல் தொடங்கி 2-ல் முடிகிறது, அதாவது அரை மீட்டர் தடிப்பு. டாஷ் எழுதியவர், இருக்கும் இடத்தோடு 4 மீட்டரை ஒரே வரியில் கூட்டிவிட்டார். பாய்வதற்கு முன் ஆளின் முன்விளிம்பு 0.4-ல், பாய்ந்த பின் அவன் பின்விளிம்பு 3.6-ல். இரண்டு வேளையும் பெட்டிகள் தொட்டுக்கொள்ளவில்லை. கேமைப் பொறுத்தவரை மோதலே நடக்கவில்லை.

சுவரை 4 மீட்டர் தடிப்பாக்கினால் சரியாகிவிடுமா? இப்போது அது 1.5-லிருந்து 5.5 வரை. ஆள் 4-ல் வந்து சுவருக்குள் மாட்டிக்கொள்கிறான். மாட்டியவனைக் குறைந்த தூரத்தில் வெளியே தள்ளிவிடுவதுதான் பல எஞ்சின்களின் வழக்கம். வந்த பக்கம் திருப்பி அனுப்ப 2.9 மீட்டர் வேண்டும், எதிர்ப்பக்கம் போக 1.9 போதும். ஆகவே சுவரே அவனை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது! சுவரைத் தடிப்பாக்குவது அவசரத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. வரைபடத்தில் மெல்லிய கதவோ தகரத் தட்டியோ வைக்கவும் முடியாமல் போகும்.

அடுத்து எல்லோரும் செய்வது, டாஷை ஒரே தாவலாக வைக்காமல் பல ஃப்ரேம்களுக்குப் பரப்புவது. நொடிக்கு 40 மீட்டர் வேகம், பத்தில் ஒரு பங்கு நொடிக்கு. தூரம் அதே 4 மீட்டர்தான். இங்கேதான் மொபைலுக்கு மொபைல் வித்தியாசம் வருகிறது. திரை நொடிக்கு 120 ஃப்ரேம் ஓடினால் ஒவ்வொரு அடியும் 0.33 மீட்டர். 60 என்றால் 0.67. 30-க்கு இறங்கிவிட்டால் 1.33.

ஆளின் அகலத்தையும் சுவரின் தடிப்பையும் கூட்டினால் 1.3. ஓர் அடி இதைவிட நீளமாக இருந்தால் ஆள் சுவரைத் தொடாமலே தாண்ட முடியும். ஆனால் தொல்லை அதற்கு முன்பே தொடங்குகிறது. சுவருக்குள் 0.65-க்கு மேல், அதாவது பாதிக்கு மேல் புகுந்துவிட்டால், வெளியே தள்ளுகிற கணக்கு எதிர்ப்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். 120 ஃப்ரேமில் அவ்வளவு ஆழம் போகவே முடியாது. 60-ல் போக முடியும், ஆனால் புறப்பட்ட இடம் மிகச் சரியாக அமைந்தால்தான். நூறில் இரண்டு மூன்று தடவை. 30-ல் ஏறக்குறைய இரண்டில் ஒரு தடவை. கேமை எழுதியவர் வேகமான கணினியில் நாள் முழுக்கச் சோதித்தும் இதைப் பார்த்திருக்க மாட்டார். விலை குறைந்த மொபைல் வைத்திருப்பவர் முதல் நாளே பார்த்துவிடுவார். சந்தேகம் வந்தால் ஃப்ரேம் வேகத்தை வேண்டுமென்றே 15-க்கு இறக்கி, சுவரிலிருந்து வெவ்வேறு தூரங்களில் நின்று டாஷ் அடித்துப் பார்க்க வேண்டும். ஒளிந்திருந்த குறை உடனே வெளியே வரும்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 1996-ல் வந்த சூப்பர் மாரியோ 64 ஒவ்வொரு ஃப்ரேமின் நகர்வையும் நான்காகப் பிரித்து, நான்கு இடங்களில் மோதலைப் பார்த்தது. வழக்கமான வேகத்துக்கு அது தாராளம். ஆனால் முன்னோக்கிய நீளத் தாவலுக்கு வேக வரம்பு வைத்தவர்கள், பின்னோக்கியதற்கு வைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் படிக்கட்டில் பின்பக்கமாகத் தாவித் தாவி வேகத்தைப் பெருக்கி, நட்சத்திரம் சேர்த்தால் மட்டுமே திறக்கும் கதவுகளை ஊடுருவிப் போனார்கள். 1997-ல் ஜப்பானில் வந்த மறுபதிப்பு, தரையிறங்கும்போது பின்னோக்கிய வேகத்தைப் பூஜ்யமாக்கி இதை அடைத்தது. சுவர் சோதனையில் கை வைக்காமல் வேகத்தைக் கட்டிப்போட்டது கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் வேகமே உயிராக இருக்கும் ஒரு டாஷுக்கு அது உதவாது.

அங்கே தேவைப்படுவது ‘ஸ்வீப்’. போய்ச் சேரும் இடத்தை மட்டும் பார்க்காமல், ஆளின் பெட்டியைப் புறப்படும் இடத்திலிருந்து சேரும் இடம் வரை இழுத்துக்கொண்டே போய், முதலில் எது தடுக்கிறது என்று பார்ப்பது. 2018-ல் வந்த செலஸ்ட் இதை மிக எளிமையாகச் செய்கிறது. அதன் நாயகி ஒரு தடவையில் ஒரு பிக்சல்தான் நகர்வாள், ஒவ்வொரு பிக்சலுக்கும் முன்னால் தடை உண்டா என்று பார்ப்பாள். உள்ளே புகுந்துவிட்டுப் பிறகு தள்ளப்படுவது என்ற பேச்சே இல்லை. அந்த ஆட்டத்தின் டாஷ் சுவரில் பட்டு அவ்வளவு சுத்தமாக நிற்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

யூனிட்டி எஞ்சினில் வேலை செய்பவருக்கு மூன்று வரி போதும்:

```csharp
RaycastHit2D hit = Physics2D.BoxCast(rb.position, size, 0f, dir, dist, wallMask);
float d = hit.collider ? Mathf.Max(0f, hit.distance - 0.02f) : dist;
rb.position += dir * d;
```

முதல் வரி பெட்டியை இழுத்துப் பார்க்கிறது. சுவர் தட்டுப்பட்டால் இரண்டாவது வரி அதற்கு இரண்டு சென்டிமீட்டர் முன்பே நிறுத்துகிறது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஆள் சுவரில் ஒட்டி நிற்பான், அடுத்த டாஷ் கிளம்பவே கிளம்பாது. `wallMask` என்பது சுவர்களை மட்டும் பார் என்ற கட்டளை. அதை விட்டுவிட்டால் பெட்டி முதலில் ஆளின் சொந்த உடம்பிலேயே மோதும், தூரம் பூஜ்யம் என்று பதில் வரும், பட்டனைத் தட்டினால் ஆள் அசையமாட்டான். சிலர் பெட்டிக்குப் பதில் நடுப்புள்ளியிலிருந்து ஒரு கோடு மட்டும் விட்டுப் பார்ப்பார்கள். கோடு ஜன்னல் வழியே தாராளமாகப் போய்விடும். தலையும் காலும் சுவருக்குள் சிக்கும்.

அன்ரியல் எஞ்சினில் `SetActorLocation` என்ற கட்டளையிலேயே `bSweep` என்று ஒரு தேர்வு இருக்கிறது, நாமே போட்டால்தான் வேலை செய்யும். போட்ட பிறகும் அது ஆளின் மூலப் பாகத்தை மட்டுமே இழுத்துப் பார்க்கிறது. அவன் கையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈட்டி சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்தால், பார்க்க வேண்டியது இதைத்தான்.

சுவரைத் தாண்டுவதே திறமையாக இருக்கும் ஆட்டங்களும் உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் ஃப்ளாஷ் மெல்லிய சுவர்களைத் தாண்டவே பயன்படுகிறது. அங்கே வழியைப் பார்க்க வேண்டியதில்லை, இறங்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆள் நிற்க அங்கே இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பக்கம் ஒதுக்குவது, இன்னும் திறக்காத அறைக்குள் இறங்குகிறானா என்ற கேள்விகளுக்கு, எண்ணைக் கூட்டுகிற வரிக்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும்.