ஏழு எழுத்தில் ஒரு பல் பாட்டு

'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டைத் தெரியாத மழலையர் வகுப்பு அநேகமாக இருக்காது. மெட்டு பிரான்சில் பிறந்தது. 1761-இலேயே அச்சேறிவிட்டது. நட்சத்திரத்தைப் பற்றிய ஆங்கிலக் கவிதையை ஜேன் டெய்லர் 1806-இல்தான் வெளியிட்டார். அந்தக் கவிதையின் சொற்களை மாற்றி, வானத்தில் ஒரு வௌவாலைப் பறக்கவிட்டுக் கேலி செய்தவர் லூயிஸ் கரோல். 1865-இல் வந்த ஆலிஸ் கதையில் அது இருக்கிறது. தெரிந்த பாட்டில் தெரியாத சொல் வந்து விழும்போது குழந்தை சிரிக்கிறது. மூலப் பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும். அதனால் பல் தேய்க்கப் பாட்டுக் கட்டுகிறவர் புது மெட்டைத் தேட வேண்டாம்.

இந்த மெட்டில் ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் ஏழு ஸ்வரம், ஏழாவது மட்டும் இரண்டு மடங்கு நீளும். ஆகவே புள்ளி எழுத்துகளைச் சேர்க்காமல் எண்ணினால் வரிக்கு ஏழு எழுத்து வேண்டும், ஏழாவது நெடிலாக இருக்க வேண்டும். "நன்றாய்ப் பல்லைத் தேய்த்திடு" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கணக்கு ஏழுதான். பாடினால் கடைசி எழுத்து 'டூ' என்று இழுபடுகிறது. டூ விடுவது பிள்ளைகளுக்குச் சண்டை. போதாததற்கு அந்த வரி உபதேசமும் செய்கிறது. விளையாட்டுப் பாட்டில் உபதேசத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்வரங்கள் இரண்டிரண்டாக வருவதால் சொல்லும் 1, 3, 5 ஆகிய இடங்களில் தொடங்கினால் நாக்கு இடறாது. இப்படி:

பல்லுப் பட்டி போகலாம்
பஞ்சு மிட்டாய் தேடலாம்
ஆனை ஒன்று ஆ ஆ ஆ
பூனை ஒன்று ஈ ஈ ஈ
கிச்சு முச்சு கீச்சு மூ
மிச்சம் உண்டு வா வா வா

மூன்றாம் வரியும் நான்காம் வரியும் ஒரே மெட்டில் ஓடுகின்றன. அதனால்தான் ஆனைக்கு எதுகையாகப் பூனை வந்தது. முதல் எழுத்து மாறி இரண்டாம் எழுத்து ஒத்துவரும் இந்த ஓசையைக் குழந்தை ஒருமுறை கேட்டாலே பிடித்துக்கொள்ளும். அடுத்த நாள் ஆனை என்று நீங்கள் நிறுத்தினால் பூனை என்று அதுவே முடிக்கும்.

இனிதான் முக்கியமான சிக்கல். வாயில் பிரஷ் இருக்கும்போது குழந்தையால் பாட முடியாது. ப, ம இரண்டுக்கும் உதடு மூட வேண்டும். மூடினால் பிரஷ் நின்றுவிடும். எனவே பாட்டைப் பெரியவர் பாட வேண்டும், குழந்தையின் பங்கு 'ஆ', 'ஈ' இரண்டு மட்டுமே. 'ஆ' என்றால் வாய் அகலத் திறக்கும், அப்போது கடைவாய்ப் பல்லின் மென்று அரைக்கும் பரப்பில் பிரஷ் போகலாம். 'ஈ' என்றால் உதடு விலகும், பல்லின் வெளிப்பக்கத்தைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கலாம். மறந்துபோகும் உட்பக்கத்துக்கு ஐந்தாம், ஆறாம் வரிகள்.

பால் பற்கள் மொத்தம் 20. மேலே இரண்டு பக்கம், கீழே இரண்டு பக்கம் என்று பிரித்தால் பக்கத்துக்கு ஐந்து பல். ஒரு வரியை ஐந்து விநாடியில் பாடினால் ஆறு வரிக்கு 30 விநாடி ஆகும். நான்கு பக்கத்துக்கும் நான்கு முறை பாடினால், பல் மருத்துவர்கள் சொல்லும் இரண்டு நிமிடம் சரியாக வந்துவிடும். பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். இரண்டாவது சுற்றிலேயே பாடுகிறவருக்கு அவசரம் வந்து, பாட்டு 20 விநாடியில் முடிந்துவிடுகிறது. முதல் சில நாள் கடிகார முள்ளைப் பார்த்துப் பாடினால் வேகம் பழகிவிடும்.

நான்காவது முறை மட்டும் கடைசி வரியை இப்படி மாற்றுங்கள்:

எச்சில் துப்பு தூ தூ தூ

பிரஷ் வெளியே வந்துவிட்டதால் இந்தத் 'தூ'வைக் குழந்தையே பாடலாம். இந்த ஒரு வரிக்காகவே மற்ற மூன்று சுற்றும் பொறுமையாக நிற்கும் பிள்ளைகள் உண்டு. பற்பசை மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும்.

சில நாளில் பிள்ளை பஞ்சு மிட்டாயை எடுத்துவிட்டுப் பட்டுப் பூச்சியையோ குட்டிப் பூதத்தையோ உள்ளே கொண்டுவரும். தடுக்காதீர்கள். எண்ணிப் பாருங்கள், நான்கு எழுத்துக்கு நான்கு எழுத்து சரியாக இருக்கும். அதையே பாடுங்கள்.