மோசமான வருடத்து லாபம், நாளைய வட்டி

2022 மே மாதம் ஒரு கேண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு முந்தைய நிதியாண்டில் நம் ஊர் நூற்பாலைகள் பல ஆண்டுகளாகக் காணாத லாபத்தைக் கண்டிருந்தன. அடுத்த ஆண்டு, 2023 ஜூலையில், அதே கோவை, திருப்பூர் வட்டாரத்துச் சிறு நூற்பாலைகள் நட்டம் தாங்காமல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. நடுவில் ரெப்போ வட்டி 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதத்துக்கு ஏறியிருந்தது. லாபம் சரிந்த அதே நேரத்தில் வட்டி ஏறியது. கடன் வாங்கிய தொழிலுக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது.

இப்படியொரு சரிவில் எந்த நிறுவனம் தாங்கும், எது தாங்காது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முதலீட்டாளர்கள் இரண்டு விகிதங்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, கடனைப் பங்குதாரர்களின் சொந்தப் பணத்தால் வகுக்கும் கடன்-மூலதன விகிதம். இன்னொன்று, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டியால் வகுக்கும் வட்டி கவரேஜ். இரண்டையும் இணையதளத்தில் பார்த்து, முதலாவது ஒன்றுக்குக் கீழே, இரண்டாவது மூன்றுக்கு மேலே இருந்தால் பங்கை வாங்கலாம் என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய பேர். அந்த எண்கள் எந்த வருடத்துக் கணக்கிலிருந்து வந்தவை என்று யாரும் கேட்பதில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

ஒரு மாதிரி மில்லை எடுத்துக்கொள்வோம். 50,000 ஸ்பிண்டில்கள், ஆண்டுக்கு 60 லட்சம் கிலோ நூல். கிலோ 400 ரூபாய்க்கு விற்ற 2021-22-ல் விற்பனை 240 கோடி. தேய்மானத்துக்கு முன் லாபம் 44 கோடி. தேய்மானம் 9 கோடியைக் கழித்தால் 35 கோடி. வட்டி 7 கோடி. வட்டி கவரேஜ் 5 மடங்கு. கடன் 80 கோடி, நெட்வொர்த் 100 கோடி, எனவே கடன்-மூலதன விகிதம் 0.8. எந்தப் பாடப்புத்தக அளவுகோலை வைத்தாலும் முதல் வகுப்பு மதிப்பெண்.

இந்த மதிப்பெண்ணைக் காட்டித்தான் மில் 50 கோடிக்கு டேர்ம் லோன் வாங்கிப் பழைய இயந்திரங்களை மாற்றுகிறது. ஏப்ரலிலேயே புது இயந்திரங்கள் ஓடத் தொடங்குகின்றன. உற்பத்தி அளவு மாறவில்லை என்றே வைப்போம். ஆனால் பருத்தி விலைக்கும் நூல் விலைக்கும் இருந்த இடைவெளி கிலோவுக்கு 50 ரூபாய் சுருங்கிவிடுகிறது. ஏறிய விலையில் வாங்கிய பருத்தி குடோனில் கிடக்க, நூல் விலை இறங்கினால் இது நடக்கும். 60 லட்சம் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்றால் 30 கோடி. தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 44-லிருந்து 14-க்கு வருகிறது. புது இயந்திரங்களால் தேய்மானம் 12 கோடி ஆகியிருக்கிறது. மிச்சம் 2 கோடி. வட்டியோ, புதுக் கடனும் சேர்ந்து, 11 கோடி. 5 மடங்காக இருந்த கவரேஜ் பன்னிரண்டே மாதத்தில் 0.18.

இப்போது மற்ற விகிதத்தைப் பாருங்கள். 80 கோடியோடு புதுக் கடன் 50 கோடி சேர்ந்தது. பழைய டேர்ம் லோன் தவணையாக 8 கோடி கட்டினார்கள். பற்றாக்குறைக்கு கேஷ் கிரெடிட்டில் 5 கோடி கூடுதலாக எடுத்தார்கள். ஆக, கடன் 127 கோடி. 9 கோடி நட்டம் போக நெட்வொர்த் 91 கோடி. விகிதம் 1.4. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் யாரும் பதறுகிற எண் இல்லை. சம்பாத்தியத்திலிருந்து வட்டியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் கட்ட முடியாத ஒரு மில் இந்த விகிதத்தில் நடுத்தர மில்லாகத் தெரிகிறது.

காரணம் எளிது. நெட்வொர்த் என்பது பல ஆண்டு லாபம் சேர்ந்த தொகை. அது ஒரு வருட நட்டத்தில் கொஞ்சம்தான் கரையும். கடன்-மூலதன விகிதம் மெதுவாகத்தான் கெடும். அது கெட்டுப்போனது நமக்குத் தெரியவரும்போது வங்கி ஏற்கெனவே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டும். 90 நாள் தவறினால் கணக்கு வாராக்கடன். வங்கித் தரப்பில் வேறு மாதிரி சொல்வார்கள்: மில்லின் நிலம் பழைய விலையில் கணக்கில் நிற்கிறது, விற்றால் கடனை அடைத்துவிடலாம், ஆகவே சொந்த மூலதனம்தான் கடைசிப் பாதுகாப்பு என்று. அது கடன் கொடுத்தவருக்கான பாதுகாப்பு. பங்கு வைத்திருப்பவருக்கு நிலத்தை விற்றுக் கடனடைத்த பிறகு என்ன மிஞ்சும் என்பது வேறு கேள்வி.

வகுக்க வேண்டியது எதை?

இந்த மில் 0.18-க்கு விழும் என்பதை 2022-லேயே தெரிந்துகொண்டிருக்க முடியுமா? அந்த அளவுக்குத் துல்லியமாக முடியாது. ஆனால் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டிருக்க முடியும்.

அதற்கு, கணக்கின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒரே வருடத்திலிருந்து எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். மேலே, கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் மிக மோசமான வருடத்தின் லாபம். கீழே, ஒப்புக்கொண்ட புதுக் கடனையெல்லாம் சேர்த்த நாளைய வட்டி. நம் மாதிரி மில் 2019-20-ல், பெரிய சரிவு எதுவும் இல்லாத ஒரு சோம்பலான ஆண்டில், வட்டிக்கு முன் 12 கோடி சம்பாதித்தது என்று வைப்போம். அதை அன்றைய வட்டி 7 கோடியால் வகுத்தால் 1.7. டேர்ம் லோனில் கையெழுத்திடும் நாளில், வரப்போகும் 11 கோடி வட்டியால் வகுத்தால் 1.1. அந்த வருடத்துக் கணக்கு 5 மடங்கு என்று பெருமையாகக் காட்டிய அதே நேரத்தில் உண்மையான நிலை 1.1. மந்தமான ஒரு வருடம் திரும்ப வந்தாலே மூச்சு முட்டும் என்பது அன்றே தெரியும்.

நூல், சர்க்கரை, எஃகு, சிமென்ட் போல விலை ஏறி இறங்கும் தொழில்களில் நான் இந்த எண்ணை மட்டுமே நம்புகிறேன். அது 2-க்குக் கீழே இருந்தால் அந்தப் பங்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். ஆண்டுக்காண்டு லாபம் பெரிதாக ஆடாத தொழில்களுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை.

மேல் எண்ணைப் பற்றி இன்னொன்று. தேய்மானத்தைக் கழிக்காத லாபத்தை வைத்துக் கவரேஜ் போட்டுக் காட்டும் வழக்கம் பெருகிவருகிறது. நம் மில்லுக்கு அப்படிப் போட்டால் 14-ஐ 11-ஆல் வகுத்து 1.27 வரும், வட்டியைக் கட்டிவிடலாம் போலத் தோன்றும். உண்மையில் வட்டி கட்டியபின் கையில் 3 கோடிதான். டேர்ம் லோன் தவணை 8 கோடி. அந்தப் பள்ளம்தான் கேஷ் கிரெடிட்டில் எடுத்த 5 கோடி. அன்றாடம் பருத்தி வாங்கக் கொடுத்த லிமிட்டை எடுத்துத் தவணை கட்டுகிற மில்லுக்கு, அடுத்த அக்டோபரில் புதுப் பருத்தி வரத்து தொடங்கும்போது வாங்கப் பணம் இருக்காது.

மார்ச் 31-ல் மட்டும் குறையும் கடன்

2021-22 முதல் நிறுவனங்கள் தங்கள் கணக்குக் குறிப்புகளில் கடன்-மூலதன விகிதத்தைத் தாங்களே அச்சிட வேண்டும், 25 சதவிகிதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணமும் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த விகிதத்தின் கடன், மார்ச் 31 என்ற ஒரே ஒரு நாளின் கடன். வட்டியோ 365 நாளின் வட்டி. இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி ஒரு சோதனை செய்யலாம்.

லாப நட்டக் கணக்கில் உள்ள நிதிச் செலவை எடுத்து, பேலன்ஸ் ஷீட்டில் உள்ள மொத்தக் கடனால் வகுத்துப் பாருங்கள். நம் மாதிரி மில்லில் 7 கோடியை 80 கோடியால் வகுத்தால் 8.75 சதவிகிதம் வருகிறது. அன்றைய வங்கி வட்டிக்கு அது ஒத்துப்போகிறது. வேறொரு மில் மார்ச் 31-ல் 50 கோடிதான் கடன் காட்டுகிறது, ஆனால் வட்டி 9 கோடி என்றால்? 18 சதவிகிதம். எந்த வங்கியும் மில்லுக்கு 18 சதவிகிதத்தில் கடன் தருவதில்லை. 9 சதவிகிதம் என்று வைத்துத் திருப்பிக் கணக்கிட்டால், வருடம் முழுக்க அந்த மில் சராசரியாக 100 கோடி கடனில் ஓடியிருக்கிறது.

மீதி 50 கோடி எங்கே போனது? மார்ச் கடைசி வாரத்தில் பாக்கிகளை அவசரமாக வசூலித்து லிமிட்டைக் குறைத்து, ஏப்ரலில் திரும்ப எடுத்திருக்கலாம். பருத்தி அக்டோபரிலிருந்து வரத்தாகி, மார்ச்சில் குடோன் நிறைந்திருக்க வேண்டிய தொழிலில், மார்ச்சில் கடன் குறைவாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது. அல்லது எல்.சி. மூலம் பருத்தி வாங்கியிருக்கலாம். வியாபாரிக்கு வங்கி மூன்று மாதம் கழித்துப் பணம் தரும் ஏற்பாடு அது. அதுவரை அந்தத் தொகை, கடன் என்ற தலைப்பில் வராமல், சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கியாகப் பேலன்ஸ் ஷீட்டில் உட்கார்ந்திருக்கும். கடன்-மூலதன விகிதத்தின் கண்ணில் அது படாது. ஆனால் அதற்கான வட்டியும் கமிஷனும் நிதிச் செலவில் வந்துவிடும். ஒளிந்திருக்கும் கடனை வட்டி காட்டிக்கொடுக்கும் இடம் இது. வட்டி கவரேஜைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செப்டம்பர் 30-க்கான அரையாண்டு பேலன்ஸ் ஷீட்டைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் வெளியிடுகின்றன. மார்ச், செப்டம்பர் இரண்டையும் அருகருகே வைத்து, கடனோடு சப்ளையர் பாக்கியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் படம் தெளிவாகும்.

வட்டியும் ஒரு இடத்தில் ஏமாற்றும். தொழிற்சாலை கட்டி முடிக்கும்வரை அதற்கான கடனின் வட்டியை லாப நட்டக் கணக்கில் எழுதாமல் சொத்தின் விலையோடு சேர்க்கக் கணக்கியல் விதி வழி செய்கிறது. விதிப்படி சரி. ஆனால் 200 கோடி கடனில் ஒரு புது ஆலை இரண்டு ஆண்டு கட்டப்பட்டால், ஆண்டுக்குச் சுமார் 18 கோடி வட்டி கவரேஜ் கணக்குக்கே வராது. ஆலை ஓடத் தொடங்கும் நாளிலிருந்து அந்த வட்டியும் புதுத் தேய்மானமும் ஒன்றாக வந்து இறங்கும். பெரிய விரிவாக்கத்தில் இருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால், நிதிச் செலவுக்கான குறிப்பில் ‘கழிக்க: மூலதனமாக்கப்பட்ட வட்டி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கழித்ததைத் திரும்பக் கூட்டி, அந்த மொத்தத்தால் மோசமான வருடத்து லாபத்தை வகுங்கள்.