நடை சாத்திய பிறகு சத்தம் எதுக்கு?

ஆடி மாதம் பிறந்தாச்சு. சென்னையில் எந்தத் தெருவில் குடியிருந்தாலும் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில் இருக்கும். காலை ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பிச்சிடும். சாமி புறப்பாடு அன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் சரவெடி. இதைக் குறைக்கச் சொன்னா, "சாமி காரியத்துல தலையிடறியா?"ன்னு சண்டை வரும். அதனால இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போறேன்: பக்தர்கள் மனசார ஏத்துக்கிற மாதிரி ஒரு அறிவிப்பை எப்படி எழுதுவது?

எங்கள் தெருவில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. முதலாவதை ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒட்டியது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்துவது குற்றம். மீறினால் காவல் நிலையத்தில் புகார் செய்யப்படும்."

சட்டப்படி இது தப்பே இல்லை. 2000-ம் ஆண்டு வந்த விதி அப்படித்தான் சொல்கிறது. குடியிருப்புப் பகுதியில் இரவில் சத்தம் எழுப்பும் வெடிக்கும் தடை உண்டு. சரவெடியை 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த நோட்டீஸ் கிழிந்து கிடந்தது. அன்னைக்கு வழக்கத்தைவிட இரண்டு சரம் கூடுதலாக வெடித்தது.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த நோட்டீஸில் "அம்மன்" என்ற சொல்லே இல்லை. வருஷம் முழுக்கக் காசு சேர்த்து, காப்பு கட்டி, விரதம் இருந்து எடுக்கிற திருவிழாவை அது "குற்றம்" என்று தொடங்குகிறது. கோயில் பக்கமே வராதவங்க மேலிருந்து போட்ட உத்தரவு மாதிரிதான் அது தெரிஞ்சது. பிறந்து பத்து நாளான ஒரு குழந்தை அந்தக் குடியிருப்பில் இருந்தது. அதை நினைத்துத்தான் நோட்டீஸே போட்டார்கள். ஆனால் அந்தக் காரணம் நோட்டீஸில் எங்கேயும் வரலை.

அடுத்த வருஷம் காப்பு கட்டுவதற்கு மூன்று வாரம் முன்னாடியே நாங்கள் நாலு பேர் பூசாரி ஐயாவைப் போய்ப் பார்த்தோம். சத்தத்தைக் குறைக்கணும்னு சொல்லலை. "ஐயா, திருவிழாவில் எந்தெந்தச் சத்தம் அம்மனுக்கு வேணும்?"னு கேட்டோம். அவர் விரல் விட்டு எண்ணினார். பம்பையும் உடுக்கையும் வேணும். தீபாராதனைக்கு மணி வேணும். புறப்பாட்டுக்கு மேளம் வேணும், அம்மன் கிளம்பிட்டாள்னு தெருவுக்குச் சொல்ல ஒரு அதிர்வேட்டு வேணும். அவ்வளவுதான். காலை ஐந்து மணி சினிமா மெட்டுப் பாட்டு, தெருமுனைக்குத் தெருமுனை சரவெடி, மூன்று தெரு தாண்டிக் கட்டின குழாய் எதுவும் அவர் பட்டியலில் வரலை. அவையெல்லாம் உபயதாரர் பெருமைக்காக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. இதை நாங்க சொல்லியிருந்தா சண்டை. அவர் வாயிலிருந்து வந்ததால் விழாக்குழுவில் யாரும் மறுக்கலை.

அடுத்தது நேரம். "பத்து மணி" என்பது போலீஸ் கடிகாரம். கோயிலுக்கென்று ஒரு கடிகாரம் ஏற்கெனவே இருக்கு. பெரிய கோயில்களில் அர்த்தஜாமம் முடிந்து சாமியைப் பள்ளியறைக்குக் கொண்டு போவார்கள். தெருக் கோயிலிலும் நடை சாத்துவார்கள். எங்கள் கோயிலில் அது ஒன்பதரை மணி. அம்மன் ஓய்வெடுக்கப் போன பிறகு வாசலில் சத்தம் போடுவது எந்த பக்தருக்கும் சங்கடமான விஷயம்தான். அதனால் எல்லை ஒன்பதரை ஆனது. சட்டம் கேட்பதைவிட அரை மணி முன்னாடி!

மூன்றாவதுதான் கஷ்டமானது: நேர்த்திக்கடன். பிள்ளை பிறந்தால் வெடி போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவரிடம் "வேண்டாம்" என்று சொல்லவே முடியாது. அது அவருக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ள பேச்சு. அதனால் இடத்தையும் நேரத்தையும் மட்டும் கேட்டோம். வேண்டுதல் உள்ளவர்கள் பூசாரியிடம் பெயர் கொடுக்கணும், எல்லாருடையதும் ஒரே மாலையில், வீடுகளுக்கு விலகின மைதானத்தில் நிறைவேறும். ஒவ்வொருவர் பெயர், நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை. முன்பு தெருமுனையில் யாருக்கும் தெரியாமல் வெடித்து முடிந்தது, இப்போ அம்மன் பேரில் எல்லார் முன்னாடியும் நடக்குது. பெயர் கொடுத்தவர்களுக்கு இதில் ஒரு நிறைவுதான்.

கடைசியில் அறிவிப்பு இப்படி வந்தது:

"அம்மன் அருளால் ஆடித் திருவிழா. அம்மன் புறப்படுவதை அறிவிக்கும் அதிர்வேட்டு கோயில் வாசலில் ஒரு முறை போடப்படும். வெடி வேண்டுதல் உள்ளவர்கள் பூசாரியிடம் பெயர் கொடுக்கவும். ஞாயிறு மாலை 7 மணிக்கு மைதானத்தில் அர்ச்சனையுடன் நிறைவேற்றப்படும். இரவு 9.30-க்கு நடை சாத்தியதும் அம்மன் ஓய்வு கொள்வாள். அதன்பின் ஒலிபெருக்கியும் வெடியும் இல்லை. காலை 6 மணிக்கு அபிஷேக மேளம். கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீடுகள் அம்மன் காக்கும் வீடுகள். அந்த வாசல்களில் மேளத்துடன் மட்டும் செல்வோம். - விழாக்குழு"

இதில் "தடை", "குற்றம்" எதுவும் இல்லை, கவனிச்சீங்களா? ஆனால் நேரம், இடம், எண்ணிக்கை எல்லாமே திட்டமாக இருக்கு. "அளவோடு வெடிப்போம்"னு எழுதினா அவரவர் அளவு அவரவருக்கு. இதை நோட்டீஸா மட்டும் விடாமல், காப்பு கட்டுகிற அன்றைக்குப் பூசாரியே மற்ற விரத ஒழுங்குகளோடு சேர்த்துச் சொன்னார். அதனால் இதுவும் விரதத்தில் ஒன்றாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. "சாஸ்திரத்திலேயே வெடி கூடாதுன்னு இருக்கு" என்று அடிச்சு விடாதீங்க. விஷயம் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்டால் மொத்த நம்பிக்கையும் போகும். "அவங்க மட்டும் ஸ்பீக்கர் வைக்கலாமா?" என்ற பேச்சு வந்தால் அதிலும் இறங்க வேண்டாம். உண்மையான உதாரணம் வேணும்னா சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி இருக்கு. வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கே வெடிப்பதில்லை. யார் மிரட்டியும் இல்லை, ஊர் வழக்கமாகவே அப்படி.

அறிவிப்பு மட்டும் போதாது, மைக் செட் அண்ணனிடமும் பேசணும். கட்டுகிற குழாய் எண்ணிக்கைக்குத்தான் அவருக்குக் காசு. குழாயைக் குறைத்தாலும் பழைய தொகையையே தருவதாக விழாக்குழு ஒப்புக்கொண்டது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் கம்பத்தில் மாடி ஜன்னல் உயரத்துக்குக் கட்டின குழாய்க்கும் வீட்டுக்கும் தூரமே இல்லையே! அதனால் கம்பத்துக் குழாய்களை இறக்கிவிட்டு, கோயில் பந்தலுக்குள் கூட்டத்தைப் பார்த்து இரண்டு பெட்டி ஸ்பீக்கர் வைத்தோம். அர்ச்சனை முன்னைவிடத் தெளிவாகக் கேட்டதாகப் பாட்டிகளே சொன்னாங்க.

இது எல்லாத்துக்கும் மருந்து இல்லை. விடிய விடியத் தெருக்கூத்து நடக்கிற ஊரில் நடை சாத்துற கணக்கு உதவாது. வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு தரலாம். அது உங்கள் விழாவுக்கு உண்டா என்று அனுமதி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவிலும் முதல் வருஷம் இரண்டு பையன்கள் பத்தரை மணிக்கு வெடியோடு வந்தார்கள். போலீஸுக்கு யாரும் போன் பண்ணலை. காப்பு கட்டியிருந்த ஒரு பெரியம்மா வாசலுக்கு வந்து, "நடை சாத்தியாச்சு, அம்மன் தூங்கறா, போங்கடா"ன்னு சொன்னாங்க. பையன்கள் போயிட்டாங்க. நம்ம வார்த்தையைப் பக்தர்கள் தங்கள் வார்த்தையாகச் சொல்ல ஆரம்பிச்சா, அறிவிப்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

உங்க தெருவில் காப்பு கட்ட இன்னும் நாள் இருந்தா, முதல்ல பூசாரியைப் பாருங்க. நோட்டீஸ் அப்புறம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.