அந்தப் புடவை என்ன நிறம்?

1945-ஐ ஒட்டி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கல்யாணப் படம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மணப்பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். புடவை கருஞ்சாம்பலாகத் தெரிகிறது. அது அரக்கா, கரும்பச்சையா, கத்தரிப்பூவா? வண்ணம் பூச உட்காருகிறவருக்கு எழும் முதல் கேள்வி இதுதான்.

கறுப்பு வெள்ளைப் படம் வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதிந்து வைக்கிறது. கணினியில் 200 அளவு சிவப்பையும் 102 அளவு பச்சையையும் தனித்தனியே வைத்து, வழக்கமான கணக்குப்படி கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் 60 என்ற ஒரே சாம்பலாகிவிடும். அந்த 60-ஐ மட்டும் பார்த்து, முன்பு அது எதுவாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

போதாக்குறைக்கு, அந்தக் காலப் படச்சுருள் நம் கண் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாடிக் வகை 1906-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனாலும் சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாடிக் வகை பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அதைக் கழுவலாம் என்பது ஸ்டுடியோக்காரர்களுக்கு வசதி. வீட்டு கேமராக்களுக்கான கோடக்கின் வெரிகுரோம் சுருள்கூட 1956-ல்தான் பான் வகைக்கு மாறியது. ஆர்த்தோ படத்தில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகும், வெளிர்நீலம் வெள்ளையை நெருங்கும். மனிதத் தோலில் சிவப்பு கலந்திருப்பதால், பாட்டி நேரில் இருந்ததைவிடக் கறுப்பாகவே அதில் விழுந்திருப்பார்.

ஆகவே முதல் வேலை சுருளின் வகையைக் கணிப்பது. நிறம் தெரிந்த பொருள்கள் படத்தில் எவை என்று தேட வேண்டும்: குங்குமப் பொட்டு, வெற்றிலை, வாழையிலை, வெள்ளை வேட்டி. நம் படத்தில் பொட்டு தலைமுடியளவு கறுத்திருக்கிறது, உதடும் கறுத்திருக்கிறது, வெற்றிலையோ நடுத்தரச் சாம்பலில் நிற்கிறது. இது ஆர்த்தோவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பொட்டை மட்டும் நம்பக் கூடாது; ஸ்டுடியோவில் டச்சிங் செய்பவர் அதை மையால் அழுத்தியிருக்கலாம். உதடும் ஒத்துப்போவதால்தான் நம்பிக்கை வருகிறது.

இனி புடவைக்கு வரலாம். இந்த அளவு கருமை இருப்பதால் அது வெளிர்நீலமாக இருக்க முடியாது. அரக்காக இருக்கலாம், கரும்பச்சையாகவும் இருக்கலாம். சாம்பல் நிறம் சில நிறங்களை விலக்கித் தரும், மீதியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தராது. தேர்வுக்கு வெளிச் சாட்சி தேவை: பெட்டியில் எஞ்சியிருக்கும் அதே புடவை, அந்தக் குடும்பத்தின் முகூர்த்த வழக்கம், பெரியவர்களின் நினைவு. பெரியம்மா அரக்கு என்பார், சித்தப்பா மாந்துளிர் என்பார். நினைவும் ஊகம்தான். துணி கையில் இருந்தால் அதற்கே முதலிடம்.

அதன்பிறகே வண்ணம். ஸ்கேன் செய்த பிரதியில் பழுப்பை நீக்கிச் சுத்தமான சாம்பலாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடுக்கு வைத்து, போட்டோஷாப்பில் Color என்ற முறையில் பூசினால் அடியிலுள்ள ஒளியும் நிழலும் அப்படியே நிற்கும். ஆர்த்தோ படத்தில் இதுவே சிக்கலாகிறது. கறுத்துப்போன புடவையில் அரக்கைப் பூசினால் காய்ந்த ரத்தம்போல்தான் வரும். புடவையின் வெளிச்சத்தைத் தனியே கொஞ்சம் உயர்த்த வேண்டும், முகத்துக்கும் அப்படியே. எவ்வளவு உயர்த்துவது என்பதும் ஊகம்தான்.

முகம் முழுக்க ஒரே பழுப்பைப் பூசினால் முகமூடி மாட்டியதுபோல் இருக்கும். கன்னம், காது, மூக்கு நுனியில் சற்றுச் சிவப்பு; நெற்றியில் மஞ்சள் சாயல்; மழித்த தாடையில் லேசான நீலச்சாம்பல் வேண்டும். வேட்டியின் மடிப்பு நிழலில் பக்கத்துப் புடவையின் நிறம் கொஞ்சம் விழ வேண்டும். சரிகையும் நகையும் முழுக்க மஞ்சளாக இருந்தால் பிளாஸ்டிக்காகத் தெரியும்; மினுங்கும் இடம் வெள்ளையை நெருங்கி, நிழல் பழுப்பில் இறங்க வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தால் படம் நம்பும்படி இருக்கும். ஆனால் அந்தப் புடவையைக் கரும்பச்சையில் பூசினாலும் அதே அளவு நம்பும்படி இருக்கும். அதனால்தான் பூசியவர் தன் கணக்கை எழுதி வைப்பது கடமையாகிறது. எந்த நிறம் துணியைப் பார்த்துப் போட்டது, எது நினைவை நம்பிப் போட்டது, எது வெறும் ஊகம் என்று பிரிண்டின் பின்னால் நான்கு வரி போதும். பூசாத ஸ்கேனும் கூடவே இருக்கட்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், நாம் ஊகித்த அரக்கு பேரப்பிள்ளைகள் காலத்தில் குடும்ப வரலாறாகிவிடும்.