பத்துச் சவரனின் கணக்கு: தங்கம் ஏறிய ஆண்டில் திருமண வீடுகள்

திருமணம் நிச்சயமான வீட்டில் மண்டபம், சமையல், அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு முன்பே எழுதப்படுவது நகைப் பட்டியல்தான். பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பட்டியலைச் சவரனில் எழுதுகின்றன. சிக்கப்பேட்டையிலோ அவென்யூ சாலையிலோ கடைப்படி ஏறினால் விலை கிராமில் சொல்லப்படுகிறது. ஒரு சவரன் எட்டு கிராம் என்று மனத்துக்குள் பெருக்கிக்கொண்டே பேசுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் 2025ஆம் ஆண்டில் அந்தப் பெருக்கல் தந்த விடை பல வீடுகளின் திட்டத்தை மாற்றி எழுத வைத்துள்ளது.

ஆண்டின் முதல் நாளில் 22 கேரட் ஆபரணத் தங்கம் கிராம் சுமார் ரூ.7,150ஆக இருந்தது. ஏப்ரல் பிற்பகுதியில் 24 கேரட் தங்கம் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. தீபாவளியை ஒட்டி 22 கேரட் விலை கிராமுக்கு ரூ.12,000ஐத் தாண்டியது. பிறகு சில நாள்களிலேயே இறங்கி, அக்டோபர் மாத இறுதியில் ரூ.11,300ஐ ஒட்டி நின்றது. தை மாத முகூர்த்தத்துக்கு நகை எடுக்க வேண்டிய குடும்பங்கள் இதை எப்படிப் புரிந்துகொள்ளலாம் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கிறோம். இனி விலை ஏறுமா, இறங்குமா என்று நாம் சொல்லப்போவதில்லை. அதற்கான காரணமும் கட்டுரையின் போக்கில் விளங்கும்.

கடைப் பலகையில் உள்ள விலை எப்படி வருகிறது?

தங்கத்தின் உலக விலை டாலரில், டிராய் அவுன்ஸ் என்ற அளவையில் குறிக்கப்படுகிறது. ஒரு டிராய் அவுன்ஸ் என்பது சுமார் 31.1 கிராம். அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அந்த 4,000 டாலரையே வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 128.6 டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்று கொண்டால் சுமார் ரூ.11,317. இதன்மேல் இறக்குமதி வரி 6 சதவீதம் சேர, சுத்தத் தங்கம் கிராம் ரூ.12,000ஐ நெருங்குகிறது. 22 கேரட்டில் தங்கத்தின் பங்கு 91.6 சதவீதம் என்பதால், அதன் விலை சுமார் ரூ.11,000 ஆகிறது. கடையில் சொல்லப்படும் விலை இதையொட்டிச் சற்று மேலேயோ கீழேயோ நிற்கும்.

ஆக, உலக விலை, டாலருக்கு நிகரான ரூபாயின் மதிப்பு, இறக்குமதி வரி ஆகிய மூன்றும் சேர்ந்தே நம் ஊர் விலையை உருவாக்குகின்றன. இவற்றில் வரி 2025இல் இந்தக் காலத்தில் மாறவில்லை. அது 2024 ஜூலை மாத நிதிநிலை அறிக்கையில் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரூபாய் மதிப்பு ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு 85 ரூபாய் சொச்சத்திலிருந்து 88க்கு மேல் நகர்ந்தது. இதன் தாக்கம் சில சதவீதமே. அதே காலத்தில் உலக விலையோ அவுன்ஸ் சுமார் 2,600 டாலரிலிருந்து 4,000க்கு உயர்ந்தது. எனவே இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

உலக விலை ஏன் ஏறியது என்பதில்தான் தயக்கம் தேவைப்படுகிறது. பல காரணங்கள் சுட்டப்படுகின்றன. உலக நாடுகளின் மத்திய வங்கிகள் 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025இல் அமெரிக்கா அறிவித்த இறக்குமதித் தீர்வைகள் வணிக உலகில் நிச்சயமின்மையை உண்டாக்கின. செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைக் குறைத்தது. வட்டி தராத பொருளான தங்கத்தை வைத்திருப்பதால் ஏற்படும் இழப்பு அப்போது குறைகிறது. முதலீட்டாளர்களும் தங்க நிதிகளில் பணம் இட்டனர். இவை அனைத்தும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பது உண்மை. ஆனால் எது எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்லும் தராசு எவரிடமும் இல்லை. அக்டோபர் 21ஆம் தேதி உலக விலை ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. முந்தைய நாள் வரை பேசப்பட்ட காரணங்களில் பெரும்பாலானவை அன்றும் அப்படியே இருந்தன.

பழைய கணக்கு ஒன்றையும் நினைவுகூரலாம். 2020 ஆகஸ்டில் பத்து கிராம் தங்கம் ரூ.56,000ஐ ஒட்டி உச்சம் கண்டது. 2021 மார்ச்சில் அது ரூ.45,000க்கும் கீழே இறங்கியது. ஆகஸ்டில் பதறி வாங்கியவர்களுக்கும், மேலும் இறங்கட்டும் என்று மார்ச்சில் காத்திருந்தவர்களுக்கும் அந்தத் தருணத்தில் தம் முடிவு சரியானதாகவே தோன்றியிருக்கும்.

ஒரே எடை, இரண்டு ரசீதுகள்

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அல்சூரில் வாழும் ஒரு குடும்பம் மகளின் திருமணத்துக்குப் பத்துச் சவரன், அதாவது 80 கிராம் நகை எடுக்கத் திட்டமிட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 12 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம் என்று கொள்வோம்.

ஜனவரி முதல் நாள் விலையில் தங்கத்தின் மதிப்பு ரூ.5,72,000. செய்கூலி, சேதாரம் ரூ.68,640. ஜிஎஸ்டி சேர்ந்து மொத்தம் சுமார் ரூ.6,59,900. அக்டோபர் இறுதியின் ரூ.11,300 விலையில் தங்கம் ரூ.9,04,000. செய்கூலி, சேதாரம் ரூ.1,08,480. மொத்தம் சுமார் ரூ.10,42,900. எடை மாறவில்லை, ரசீது ஏறத்தாழ ரூ.3,83,000 கூடிவிட்டது.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. செய்கூலி, சேதாரம் மட்டுமே ரூ.39,840 உயர்ந்திருக்கிறது. பொற்கொல்லரின் உழைப்பு நேரமோ, வடிவத்தின் நுணுக்கமோ மாறவில்லை. அது தங்க விலையின் சதவீதமாகக் கணக்கிடப்படுவதால் தங்கத்தோடு சேர்ந்து தானும் ஏறுகிறது. உலக விலையில் நமக்குக் கையில்லை. இந்தப் பகுதியில்தான் பேச இடம் உண்டு. இயந்திரத்தில் செய்த எளிய சங்கிலிக்குச் சில சதவீதம் போதும். கோயில் வேலைப்பாடு கொண்ட ஆரத்துக்கு 20 சதவீதத்தைத் தாண்டலாம். ஆகவே ஒவ்வொரு நகைக்கும் செய்கூலி, சேதாரத்தை ரூபாயாகக் கேட்டு எழுதிக்கொண்டு, இரண்டு மூன்று கடைகளை ஒப்பிடுவது பயன் தரும். கல் பதித்த நகையில் கல்லின் எடை நீக்கப்பட்ட நிகர எடைக்குத்தான் தங்க விலை போடப்பட்டிருக்கிறதா என்பதையும் ரசீதில் பார்க்க வேண்டும்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். அந்தக் குடும்பம் ஒதுக்கி வைத்த ரூ.6,59,900 மட்டுமே கையில் இருந்தால், அக்டோபர் இறுதி விலையில் சுமார் 50.6 கிராம், அதாவது ஆறு சவரனுக்குச் சற்று மேல் கிடைக்கும். தாலி, தாலிச்சங்கிலி, வளையல் என்று தவிர்க்க இயலாதவற்றை முதலில் எடைபோட்டு வைத்துவிட்டு, எஞ்சியதில் எதைக் குறைப்பது என்று இரு வீட்டாரும் அமர்ந்து பேசுவதற்கு இந்த எண் உதவும். கூடுதலாகத் தேவைப்படும் ரூ.3,83,000ஐக் கடனாகப் பெறுவதா, வேண்டாமா என்பதும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டிய ஒன்று.

எப்போது வாங்குவது?

முகூர்த்த நாள் நிச்சயமாகிவிட்ட குடும்பத்துக்குக் காத்திருக்க எல்லை உண்டு. முழுவதையும் இப்போதே வாங்கினால், பின்னர் விலை இறங்கினால் வருத்தம். கடைசி வாரம் வரை காத்திருந்தால், விலை ஏறினால் நெருக்கடி. இரண்டு மூன்று தவணைகளாகப் பிரித்து வாங்குவோர் சராசரி விலையைப் பெறுகின்றனர். அது மிகக் குறைந்த விலையாக இராது. மிக உயர்ந்ததாகவும் இராது. அதற்குமேல் அந்த வழி எந்த உறுதியும் தருவதில்லை.

முன்பணம் செலுத்தி விலையைப் பதிவு செய்துகொள்ளும் வசதியைச் சில கடைகள் தருகின்றன. வாங்கும் நாளில் விலை குறைந்திருந்தால் எந்த விலை பொருந்தும், வேண்டாமென்றால் முன்பணம் திரும்ப வருமா, செய்கூலிச் சலுகை எல்லா நகைகளுக்கும் உண்டா ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. மாதத் தவணை நகைச் சேமிப்புத் திட்டங்கள் வங்கி வைப்புகள் அல்ல. வைப்புக் காப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது.

இப்போது நாணயமாக வாங்கிப் பிறகு நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். நாணயத்துக்கு ஒரு முறையும், பின்னர் எடுக்கும் நகைக்கு மறுமுறையும் ஜிஎஸ்டி செலுத்த நேரும். மேலும் வங்கிகள் தாம் விற்ற தங்க நாணயத்தைத் திரும்ப வாங்குவதில்லை.

பாட்டியின் வளையல்

விலை ஏறிய ஆண்டில் பெட்டியில் உள்ள பழைய நகையின் மதிப்பும் ஏறியிருக்கிறது. மேலே சொன்ன குடும்பத்திடம் மூன்று சவரன், அதாவது 24 கிராம் பழைய வளையல்கள் இருப்பதாகக் கொள்வோம். 22 கேரட் என்றால் ரூ.11,300 விலையில் அவற்றின் மதிப்பு ரூ.2,71,200. ஆனால் ஹால்மார்க் இல்லாத காலத்து நகைகளில் பற்றவைப்பு மிகுதியால் தரம் குறைந்திருப்பதுண்டு. சோதனையில் 20 கேரட் என்று தெரிந்தால் மதிப்பு சுமார் ரூ.2,46,500தான். கிட்டத்தட்ட ரூ.24,700 வேறுபாடு. எனவே சோதனை நம் கண்ணெதிரே நடப்பதும், கல், அழுக்கு, உருக்குச் சேதம் ஆகியவற்றுக்குக் கழிக்கப்படும் எடையைத் தனித்தனியே கேட்டு அறிவதும் அவசியம்.

புதிய நகையில் பிஐஎஸ் முத்திரை, 22 கேரட்டைக் குறிக்கும் 916 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கத்தை BIS Care செயலியில் இட்டு, அது அந்த நகைக்கே உரியதா என்று கடையிலேயே சரிபார்க்கலாம்.

பணம் செலுத்தும்போது ஒன்றை மறவாதீர்கள். ரூ.2 லட்சத்துக்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் பான் எண் தேவை. ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே நிகழ்வு தொடர்பாகவோ ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. திருமணம் ஒன்றே என்பதால், ரசீதுகளைப் பிரித்துப் போடுவது இதற்குத் தீர்வாகாது.

நகைப் பட்டியலின் ஓரத்தில் இன்றைய கிராம் விலையையும் தேதியையும் பென்சிலில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது விலை மாறியிருக்கும். பட்டியலில் உள்ள எடையை வைத்துப் புதிய தொகையை ஐந்து நிமிடத்தில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.