மூன்று முறை வரும் ஒரே வரி

காலையில் தலை பின்னிவிடும் வேலையைப் பற்றி எட்டு வரியில் ஒரு பாட்டு எழுத வேண்டும். அந்த எட்டில் மூன்று வரிகள் ஏற்கெனவே சொன்னவையாக இருக்க வேண்டும். சொன்னதையே திரும்பச் சொன்னாலும், கேட்பவருக்கு அது புதிதாகப் படவேண்டும். டிரியோலெட் என்ற பாவடிவம் கவிஞருக்கு வைக்கும் சோதனை இதுதான்.

பிரான்சில் 13ஆம் நூற்றாண்டிலேயே இந்த வடிவம் இருந்தது. பாடுவதற்கென்று பிறந்தது என்பதால் பல்லவிபோல வரிகள் திரும்பி வருகின்றன. முதல் வரி நான்காவதாகவும் ஏழாவதாகவும் வரும். இரண்டாம் வரி எட்டாவதாக வந்து பாட்டை முடிக்கும். வரி முடிவில் ஒத்து ஒலிக்கும் ஓசையை நம் யாப்பில் இயைபு என்போம். இந்தப் பாட்டு முழுவதற்கும் இரண்டே இயைபுகள்தான். 1, 3, 4, 5, 7 ஆகிய வரிகளுக்கு ஒன்று, 2, 6, 8 ஆகியவற்றுக்கு மற்றொன்று.

விதியாகப் படிக்கும்போது குழப்பமாக இருக்கும். பாட்டைப் பார்த்தால் விளங்கிவிடும். இந்தக் கட்டுரைக்காக நான் எழுதியது இது:

ஆடாமல் இரு, பின்னி முடிக்கிறேன்.
நேரம் ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்.
சிக்கை எடுத்து நுனியைப் பிடிக்கிறேன்;
ஆடாமல் இரு, பின்னி முடிக்கிறேன்.
நீ அன்று படித்த பாட்டையே படிக்கிறேன்;
அம்மா, உன் தலையில் முடிக்குப் பஞ்சம்தான்.
ஆடாமல் இரு, பின்னி முடிக்கிறேன்.
நேரம் ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்.

முதல் இரண்டு வரிகளைப் படித்ததும் நம் மனத்தில் ஒரு வீடு வந்துவிடுகிறது. பள்ளிக்குக் கிளம்பும் பெண், பின்னால் சீப்போடு அம்மா. பாட்டில் பள்ளி என்ற சொல்லே இல்லை, மகள் என்றும் இல்லை. இருந்தும் இந்த இரண்டு வாக்கியங்களையும் நாம் அந்தக் குரலில்தான் கேட்டிருக்கிறோம் என்பதால் நாமே நிரப்பிக்கொள்கிறோம். தமிழில் வினையே ஆளைக் காட்டிவிடும், எழுவாயைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ‘முடிக்கிறேன்’ என்றால் ஒருத்தி பேசுகிறாள். அவள் யார், எதிரே இருப்பது யார் என்பது வெளியே தெரியாது. டிரியோலெட் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல வசதி கிடைக்காது.

நான்காம் வரியில் அந்த முதல் வரி திரும்புகிறது. இங்கே பொருள் பெரிதாக மாறவில்லை, மாறவும் கூடாது. சிக்கில் சீப்பு இழுத்திருக்கிறது, தலை விலகியிருக்கிறது, அதனால் குரல் சற்று இறுகுகிறது. முதலில் பொதுவாகச் சொன்னது இப்போது அதட்டலாகிறது. அவ்வளவு போதும். நான்காம் வரியிலேயே திருப்பத்தை வைத்துவிட்டால் ஏழுக்கும் எட்டுக்கும் எதுவும் மிஞ்சாது.

திருப்பத்துக்கான இடம் ஐந்தும் ஆறும். ‘நீ அன்று படித்த பாட்டை’ என்றதும் படிப்பவர் லேசாகத் தடுமாறுகிறார். அன்று என்றால் என்று? எதிரே இருப்பது குழந்தை என்றால் அதற்கு ஏது அன்று? அடுத்த வரியின் முதல் சொல் ‘அம்மா’. பின்னுகிறவள் மகள், பின்னப்படுவது அம்மாவின் தலை. நாம் நினைத்திருந்த வீட்டில் இருவரும் இடம் மாறிவிட்டார்கள்.

இப்போது ஏழாம் வரியைப் படியுங்கள். ‘ஆடாமல் இரு’ என்பது விளையாட்டுப் பிள்ளையின் தலைக்குச் சொன்னது அல்ல, முதுமையில் தானாக நடுங்கும் தலைக்குச் சொன்னது. அந்த நடுக்கத்தை அம்மாவால் நிறுத்த முடியாது, சொல்கிற மகளுக்கும் அது தெரியும். முன்பு அதட்டலாக இருந்த சொற்கள் இப்போது கெஞ்சலாகின்றன. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எட்டாம் வரியில்தான் கனம் கூடுகிறது. இரண்டாம் வரியாக வந்தபோது ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்பது மிச்சமிருந்த பின்னலைக் குறித்தது. முடிக்குப் பஞ்சம் என்று கேட்ட பிறகு அதே சொல் மிச்சமிருக்கும் கூந்தலைக் குறிக்கிறது. ‘நேரம் ஆச்சு’ என்பதோடு சேர்த்துக் கேட்டால் மிச்சமிருக்கும் நாட்களையும் குறிக்கிறது. மகள் அதைச் சொல்ல நினைத்தாளா, காலை அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாளா என்று பாட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனம் வேண்டும்.

இப்படி எழுத முதலில் எதைத் தேட வேண்டும்? திரும்பப்போகும் இரண்டு வரிகளைத்தான். அவை பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அடுத்தடுத்து நிற்பவை. எனவே அந்த இரண்டையும் மட்டும் தனியே சொல்லிப் பார்த்தால் தொடக்கமாகவும் கேட்க வேண்டும், முடிவாகவும் கேட்க வேண்டும். அவை அமைந்துவிட்டால் மீதி எழுத வேண்டியவை மூன்றே வரிகள். இதில் இரண்டு வகையான பிழை நேரும். ஒன்று, வரியை ஓர் இடத்தோடு கட்டிப்போடுவது. ‘பள்ளிக்கு நேரம் ஆச்சு’ என்று எழுதியிருந்தால் அந்த வரி எட்டாம் இடத்துக்கு வரவே முடியாது. மற்றது, தொடக்கத்திலேயே பெரிய பொருளை ஏற்றிவிடுவது. ‘காலம் பின்னும் சடை இது’ என்பதுபோல ஒரு வரி முதல் முறையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. திரும்பி வரும்போது அது வெறும் எதிரொலி. அடுப்படியிலும் வாசலிலும் தினமும் சொல்லும் சாதாரண வாக்கியமே இந்த வேலைக்கு ஏற்றது. காலை வேலைகள் டிரியோலெட்டுக்கு நன்றாகப் பொருந்துவதும் அதனால்தான். அவற்றைச் செய்யும்போது நாம் உண்மையிலேயே சொன்னதையே சொல்கிறோம்.

இயைபில் தமிழுக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது. நம் வாக்கியங்கள் பெரும்பாலும் வினையில் முடிவதால் ‘கிறேன், கிறேன்’ என்று எந்த இரண்டு வரியும் ஒத்து ஒலித்துவிடும். அது மிக மலிவு. விகுதிக்கு முன்னாலுள்ள பகுதியும் ஒத்துவந்தால்தான் காதுக்கு நிறைவு. அதனால்தான் முடிக்கிறேன், பிடிக்கிறேன், படிக்கிறேன் என்றும், கொஞ்சம்தான், பஞ்சம்தான் என்றும் தேட வேண்டியிருந்தது.

சொன்ன வரியையே சொல்லிப் பொருளை மாற்றும் கலை நமக்குப் புதிதல்ல. சீர்காழியைப் பாடிய திருஞானசம்பந்தரின் திரு ஏகபாதத்தில் ஒரே அடி நான்கு முறை வந்து ஒரு பாடலாகிறது. ஒவ்வொரு முறையும் பொருள் வேறு. ஆனால் வழி வேறு. அங்கே சொற்களை வெவ்வேறாகப் பிரித்தும் பொருள்கொண்டும் உரைகாரர்கள் நான்கு பொருளைக் காட்டுகிறார்கள். டிரியோலெட்டில் சொற்களைப் பிரிக்க வேண்டாம். பக்கத்து வரிகள் மாறுவதால் சொல்கிறவரும் கேட்கிறவரும் சூழலும் மாறுகின்றன.

ஆங்கிலத்தில் ராபர்ட் பிரிட்ஜஸ் 1873இல் இந்த வடிவத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, பலர் அதைச் சின்னக் குறும்புகளுக்கே பயன்படுத்தினார்கள். தாமஸ் ஹார்டி 1901இல் வெளிவந்த தொகுப்பில் அதே வடிவத்தில் துயரத்தை எழுதினார். நீண்ட கதைக்கு இதில் இடமில்லை, ஒரே ஒரு திருப்பத்துக்குத்தான் இடம் உண்டு. ஆனால் ஆறாத துக்கம் சொன்னதையே சொல்லும் இயல்புடையது என்பதை ஹார்டி கண்டுகொண்டார்.

நீங்கள் ஒன்று எழுதிப் பார்த்தால், முடித்ததும் கடைசி இரண்டு வரிகளை மறைத்துவிட்டு ஆறு வரியை மட்டும் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் உங்கள் ஐந்தாம், ஆறாம் வரிகள் வேலை செய்யவில்லை. பிறகு முழுவதையும் வேறொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதல் வரிக்கும் ஏழாம் வரிக்கும் அவர் குரல் ஒரே மாதிரி இருந்தால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஆறாம் வரியைத்தான்.