தவணைச் சீட்டில் மறைந்திருக்கும் வட்டி

டூவீலர் ஷோரூமில் நீட்டிய கடன் சீட்டைப் பலரும் செல்போனில் படமெடுத்து வந்து வீட்டில் கணக்குப் பார்ப்பார்கள். படத்தில் அசல் ரூ.1,00,000, வட்டி 12%, தவணை 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

12 சதவீதத்தை 12 மாதத்தால் வகுத்தால் மாதம் 1%, அதாவது 0.01.

`EMI = P × r × (1+r)^n ÷ ((1+r)^n − 1)`

P அசல், r மாத வட்டி, n மாதங்கள். (1.01)^24 சுமார் 1.2697. தவணை ரூ.4,707 வரும். அதை 24 ஆல் பெருக்கி அசலைக் கழித்தால் மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.12,976.

சீட்டிலோ மாதத் தவணை ரூ.5,167! அச்சுப்பிழை இல்லை, இது 'ஃப்ளாட்' வட்டி. கடன் குறையக் குறைய வட்டி குறையாது. கடைசி மாதத்திலும் முழு லட்சத்துக்கே வட்டி. இரண்டு ஆண்டுக்கு ரூ.24,000. குறையும் நிலுவைக் கணக்கில் இது 21.5 சதவீதத்துக்கும் மேல்.

படமெடுக்கும்போது வட்டிக்குப் பக்கத்தில் உள்ள பொடி எழுத்தும் தெளிவாக விழ வேண்டும். 'ஃப்ளாட்' என்ற சொல் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.